ஆறடிப் புத்தகத் தட்டு: பலகை தொய்ந்ததா, கம்பி சாய்ந்ததா?

நேற்று அந்தத் தட்டை மறுபடியும் அளந்தேன். புத்தகம் ஏற்றி ஐந்து மாதம் ஆகிறது, நடுவில் ஒரு மழைக்காலமும் போய்விட்டது. முன்விளிம்பு முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. என்னிடம் இருக்கும் கருவிகளால் பிடிக்கக்கூடிய இறக்கம் எதுவும் இல்லை. இதே சுவரில் இதற்கு முன் நான் மாட்டிய இரண்டு தட்டுகளும் தோற்றுவிட்டன. முதலாவது ஐந்து வாரத்திலும் இரண்டாவது மூன்று வாரத்திலும் கழற்றும் நிலைக்கு வந்தன. மூன்றாவது நின்றுவிட்டது என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிகிறது. அதனால் மூன்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்பா வழக்கறிஞர். தொழிலை விட்ட பிறகும் பைண்டு செய்த சட்ட அறிக்கைத் தொகுதிகளை விட அவருக்கு மனமில்லை. தஞ்சாவூர் வீட்டு முன்னறையில் அவர் நாற்காலிக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், ஆறடி நீளத்துக்கு ஒரு தட்டு வேண்டும் என்றார். கீழே முட்டுக்கட்டை எதுவும் தெரியக்கூடாது என்பது என் ஆசை. கடைக்காரர்கள் ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் என்பார்களே, அந்த வகை. சுவரிலிருந்து கம்பி நீண்டிருக்கும், பலகை அதில் உறைபோலச் செருகிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை மட்டும்தான் தெரியும்.

முதலில் செய்த சரியான காரியம் எடை பார்த்தது. ஒரு அடி நீளத்துக்கு இறுக்கமாக நின்ற தொகுதிகளைக் கயிற்றால் கட்டி, குளியலறை எடைக்கருவியில் வைத்தேன். 12 கிலோ காட்டியது. மீட்டருக்கு 40 கிலோ. ஆறடித் தட்டு, அதாவது 1800 மி.மீ., நிறைந்தால் 72 கிலோ. கதைப் புத்தகங்கள் இதில் பாதிகூட வராமல் போகலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட படப் புத்தகங்கள் இதைவிடக் கூடுதலாகவே வரும். எந்தத் தட்டானாலும் அதில் நிற்கப்போகும் புத்தகத்தில் ஓரடியைத் தூக்கி எடை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு வரும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

முதல் தட்டு

18 மி.மீ. பிளைவுட், 250 மி.மீ. அகலம். தொகுதிகளின் அகலம் 185 மி.மீ.தான். ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கும் என்று பத்து அங்குலம் வைத்தேன். இந்த அகலம் பின்னால் தொந்தரவு கொடுத்தது.

பிராக்கெட் ஆயத்தமாக விற்பது: 12 மி.மீ. இரும்புக் கம்பி, சுவர்ப் பக்கம் 70 மி.மீ. மரையும் பிளாஸ்டிக் பிளக்கும், பலகைப் பக்கம் 120 மி.மீ. நீட்டம். மூன்று வாங்கினேன். இரண்டு முனைகளிலிருந்தும் 75 மி.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொன்று, சரியாக நடுவில் ஒன்று. ஆக இடைவெளி 825 மி.மீ.

இந்த இடைவெளியை முடிவு செய்யும்போது நான் யோசித்தது பலகையைப் பற்றி மட்டும்தான். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே பலகை எவ்வளவு தொங்கும் என்பதற்குத் தச்சு வேலையில் இருப்பவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு எளியது. இடைவெளி இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும். தடிமன் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். என் 18 மி.மீ. பலகைக்கும் 40 கிலோ சுமைக்கும் போட்டுப் பார்த்தேன். 900 மி.மீ. தள்ளி இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் ஐந்து மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தொய்யும். 600-க்குச் சுமார் ஒரு மி.மீ. 450-க்கு அரை மி.மீ.கூட வராது. அடிக்கு அரை மி.மீ.க்கு மேல் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. தவிர, மரமும் பிளைவுட்டும் நாள்பட்ட சுமையில் மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் இறங்கும். முதல் நாள் தொய்வு சில மாதங்களில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை போகலாம் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

நடுவில் ஒரு பிராக்கெட் இருக்கிறது, பலகை அதன்மேல் துண்டுபடாமல் ஓடுகிறது. அதனால் 825 மி.மீ. இடைவெளியிலும் ஒன்றரை மி.மீ. தொய்வோடு நிற்கும் என்று மாட்டிவிட்டேன். அந்தக் கணிப்பு தவறில்லை. புத்தகம் ஏற்றிய அன்று பின்விளிம்பில் நூல் பிடித்துப் பார்த்தபோது ஒன்றரை மி.மீ.தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி மேலே பார்த்துவிட்டு, "புத்தகமெல்லாம் என் தலையைப் பார்த்துக் குனிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கேடா" என்றார். அன்றே எல்லாவற்றையும் இறக்கினோம்.

இரண்டாவது தட்டு, தவறான மருந்து

இறக்குவதற்கு முன் ஒழுங்காக அளந்திருக்க வேண்டும். நான் அளந்தது முன்விளிம்பின் நடுப்பகுதியை மட்டும். நூல் பிடித்ததில் முனைகளைவிட நடு 5 மி.மீ. இறங்கியிருந்தது. 'நடுவில் தொங்கினால் பலகை மெலிது' என்று முடிவு கட்டினேன். இன்னொரு 18 மி.மீ. பலகை வாங்கி, பழையதோடு வெள்ளைப் பசையால் ஒட்டி, மேலே செங்கல் பரப்பி ஒரு நாள் விட்டேன். 36 மி.மீ. தட்டு தயார். பலகை மட்டுமே 10 கிலோ வந்தது.

பழைய நடுக் கம்பியைக் கழற்றியபோதே ஒரு தடயம் கிடைத்தது. அதைக் கண்ணாடி மேசையில் வைத்து உருட்டினால் ஆடியது. நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு இடத்தில் 3 மி.மீ. சந்து. இரும்பு நிரந்தரமாக வளைந்திருந்தது. ஓரக் கம்பிகள் இரண்டும் நேராகவே இருந்தன. நடுக் கம்பி மட்டும் ஏதோ மட்டமான சரக்கு என்று நினைத்து, அதே வகையில் இன்னொன்று வாங்கி, அதே ஓட்டையில் புதுப் பிளக்கோடு போட்டேன்.

உண்மையில் அந்தக் கம்பியில் குறை எதுவும் இல்லை. மூன்று தாங்கிகளின் மேல் ஒரே பலகை ஓடும்போது, இரண்டு பக்கத்துச் சுமையும் நடுத் தாங்கியில் வந்து விழும். என் அமைப்பில் மொத்த எடையில் பாதிக்கும் மேல் நடுக் கம்பிக்குப் போயிருக்கும், ஏறக்குறைய 43 கிலோ. ஓரக் கம்பிகளுக்குச் சுமார் 17 கிலோதான். மூன்று பிராக்கெட் இருப்பதால் சுமையை மூன்றால் வகுத்துப் பார்த்தது என் பிழை.

தடித்த பலகையை மாட்டினேன். பின்விளிம்பில் நூல் பிடித்தேன். தொய்வு அடியோடு போய்விட்டது, நூலுக்கும் பலகைக்கும் நடுவே தாள்கூட நுழையவில்லை. மிகவும் திருப்தியாக இருந்தது. மூன்று வாரத்தில் முன்விளிம்பு முழுவதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, சீராக இறங்கியிருந்தது. முன்பு நடு மட்டும் குனிந்தது, இப்போது தட்டு மொத்தமும் குனிந்தது. தடித்த பலகை வளையாமல் நின்று சுமையை மூன்று கம்பிக்கும் பங்கிட்டதால் மூன்றும் சேர்ந்தே இறங்கிவிட்டன.

பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயதானவர். தட்டின் முன்விளிம்பை உள்ளங்கையால் ஒரு தூக்குத் தூக்கினார், விட்டார். மறுபடி தூக்கினார். "தம்பி, பலகை வளையல. கம்பிதான் தலை குனியுது. நீங்க பலகையைத் தடிச்சு என்ன பண்றது?" என்றார். அப்புறம் புத்தகங்களைக் காட்டி, "இதையெல்லாம் ஏன் விளிம்புக்கு இழுத்து வச்சிருக்கீங்க? சுவரோட ஒட்டித் தள்ளுங்க" என்றார்.

தள்ளினோம். அன்று சாயங்காலமே முன்விளிம்பு 2 மி.மீ. மேலே ஏறியிருந்தது. பலகையையோ கம்பியையோ தொடாமல், புத்தகத்தை ஆறு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தியதற்கே அவ்வளவு வித்தியாசம்.

இரண்டையும் பிரித்து அளப்பது

அதன் பிறகுதான் நான் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தவை இரண்டு வெவ்வேறு விஷயங்கள் என்று புரிந்தது. இரண்டு பிராக்கெட்டுக்கு நடுவே பலகை தொங்குவது ஒன்று. இதைத் தொய்வு என்று வைத்துக்கொள்கிறேன். பிராக்கெட்டே முன்னால் குனிவது இன்னொன்று. இதைச் சாய்வு என்கிறேன். தொய்வுக்கு மருந்து பலகையின் தடிமனும் பிராக்கெட் இடைவெளியும். சாய்வுக்கு மருந்து கம்பியின் தடிமன், சுவருக்குள் அதன் ஆழம், பலகைக்குள் அதன் நீளம். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காசுதான் போகும்.

அளப்பது சுலபம். தொய்வுக்குப் பின்விளிம்பில், சுவரை ஒட்டி, நூல் பிடிக்க வேண்டும். கம்பி சுவரிலிருந்து வெளிவரும் இடத்தில் இறக்கம் மிகக் குறைவு, அதனால் பின்விளிம்பில் தெரிவது ஏறக்குறைய முழுக்கத் தொய்வுதான். சாய்வுக்கு, ஒரு அடி ரசமட்டத்தைச் சுவருக்குச் செங்குத்தாக, பின்னிருந்து முன்னாகத் தட்டின்மேல் வைக்க வேண்டும். முன்முனைக்கு அடியில் மைக்காத் துண்டுகளைக் குமிழி நடுவுக்கு வரும்வரை ஒவ்வொன்றாகச் செருகவேண்டும். மைக்கா ஒன்று 1 மி.மீ. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் விசிட்டிங் கார்டு. மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மி.மீ. வரும். இதை ஒவ்வொரு பிராக்கெட்டுக்கு மேலேயும் செய்து தாளில் குறித்துக்கொண்டேன். இரண்டாவது தட்டில் தொய்வு பூஜ்யம், சாய்வு நடுவில் 7, ஓரங்களில் 6. முதல் தட்டை இப்படி அளந்திருந்தால் இரண்டாவது பலகைக்குக் கொடுத்த பணம் மிச்சம்.

சாய்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தட்டைக் கழற்றினேன். மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

முதலாவது கம்பியே. 12 மி.மீ. கம்பி நுனியில் சுமை வாங்கினால் வளையும். அதைக் குறைக்கக் கம்பியைத் தடிப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் கொஞ்சம் தடித்தாலே பலன் அதிகம். 12-லிருந்து 16-க்குப் போனால் அதே சுமையில் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இரண்டாவது சுவர். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், மேலே 15 மி.மீ. சிமெண்ட் பூச்சு. 70 மி.மீ. மரையில் 15 பூச்சுக்குள்ளேயே போய்விடுகிறது. செங்கல்லைப் பிடித்திருந்தது 55 மி.மீ.தான். கம்பி வெளிவரும் இடத்தில் பூச்சின் கீழ் உதடு நொறுங்கி, வட்ட ஓட்டை நீள்வட்டமாகியிருந்தது. கம்பியை விரலால் ஆட்டினாலே நுனி 3 மி.மீ. ஆடியது. பூச்சு எதையும் தாங்காது, அதைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் புதிதாக இருந்தது. கம்பி பலகைக்குள் 120 மி.மீ. வரைதான் போகிறது. புத்தகங்களை விளிம்போடு வரிசைப்படுத்தினால், அவற்றின் எடையின் நடு சுவரிலிருந்து சுமார் 158 மி.மீ. தள்ளி வருகிறது. அதாவது கம்பி முடிந்த இடத்தைத் தாண்டி. அப்போது பலகை கம்பியின்மேல் உட்காராமல், கம்பி நுனியை ஊன்றி முன்னால் கவிழப் பார்க்கிறது. ஓட்டையில் இருக்கும் அரை மி.மீ. தளர்வு முன்விளிம்பில் ஒரு மி.மீ.யாகப் பெரிதாகிறது. புத்தகத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் எடையின் நடு 92 மி.மீ.யில், கம்பியின் நீளத்துக்குள் வந்துவிடுகிறது. பலகை கம்பியின்மேல் அமைதியாக உட்காருகிறது. தச்சர் சொன்னதும் ஏறிய அந்த 2 மி.மீ.யின் விளக்கம் இதுதான்.

மூன்றாவது தட்டு

இங்கே பலகையின் தடிமனுக்கு வேறொரு வேலை வந்தது. 16 மி.மீ. கம்பியை 18 மி.மீ. பலகைக்குள் ஒளிக்க முடியாது, மேலும் கீழும் ஒவ்வொரு மி.மீ.தான் மிஞ்சும். ஆகவே 36 மி.மீ. தடிமன் வேண்டும் என்பது கம்பியை மறைப்பதற்காக, தொய்வுக்காக இல்லை.

ஆனால் 36 மி.மீ. கெட்டிப் பலகை வேண்டியதில்லை. மேலே 9, கீழே 9, நடுவில் 18 மி.மீ. கட்டைகள் வைத்துப் பெட்டிபோலச் செய்தேன். நடுப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாக இருந்தாலும் விறைப்பில் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. வளையாமல் தடுப்பது பெரும்பாலும் மேல் தோலும் கீழ்த் தோலும்தான். எடை 10 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு இறங்கியது. நடுக் கட்டைகளைப் பழைய பலகையைக் கிழித்தே எடுத்துக்கொண்டேன். 9 மி.மீ. தோல்களை வெட்டும்போது மேல் ரேகை தட்டின் நீளவாக்கில் ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கே ஓடினால் பலகையின் விறைப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கம்பிக்கு லேத் பட்டறையில் 16 மி.மீ. பிரைட் பார், 320 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டு. 130 சுவருக்குள், 190 பலகைக்குள். முழுக்க மரை போட்ட 16 கம்பி ஹார்டுவேர் கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் மரையின் அடியில் மிஞ்சும் இரும்பு 13.5 மி.மீ. அளவுதான். பெயர் 16 என்றாலும் வளையாமல் நிற்கும் விறைப்பில் பாதியளவுதான் தேறும். அதனால் வழவழப்பான பாரை வாங்கி, சுவருக்குள் போகும் பாகத்தில் மட்டும் கிரைண்டரால் சின்னச் சின்னக் கீறல் போட்டேன், பசை பற்றிக்கொள்ள.

இடைவெளி 450 மி.மீ. முனைகளில் 225 மி.மீ. நீட்டம். நான்கு கம்பிக்கும் ஏறக்குறைய சமமாகச் சுமை விழ வேண்டும் என்பதற்காக இந்தப் பிரிப்பு. முனையிலிருந்து இடைவெளியில் பாதியளவு உள்ளே தள்ளி வைத்தால், ஒவ்வொரு கம்பியும் தன் இருபுறமும் சமநீளப் பலகையைத் தாங்குகிறது. தலைக்கு 20 கிலோ. 36 மி.மீ. பலகையின் தொய்வை மட்டும் பார்த்தால் 900 மி.மீ. இடைவெளிகூடப் போதும், முக்கால் மி.மீ. அளவில் நின்றிருக்கும். பலகை தடித்துவிட்ட பிறகு இடைவெளியை முடிவு செய்வது பலகை இல்லை, ஒரு கம்பியும் அதைச் சுற்றியுள்ள செங்கல்லும் எவ்வளவு தாங்கும் என்பதுதான். இதைத்தான் நான் இரண்டு தட்டுகளாகத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

துளை போடும் வேலைக்கு அரை நாள் ஆனது. முதலில் 6 மி.மீ. பிட்டால் சோதனைத் துளை. வெளிவரும் தூளின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகும் சாம்பல் நிறத் தூள் வந்தால் அது செங்கல்களுக்கு நடுவே உள்ள கலவைப் பட்டை. செம்மண் நிறம் வந்தால் செங்கல். என் முதல் இரண்டு துளையிலும் சாம்பல் வந்தது. பட்டை கிடைமட்டமாக ஓடுவதால் தட்டு மொத்தத்தையும் 40 மி.மீ. மேலே ஏற்றினேன். அடுத்த நான்கும் சிவப்பு. சுவிட்ச் பெட்டியிலிருந்து மேலே போகும் ஒயர் குழாயின் நேர்கோட்டையும் பென்சிலால் குறித்து ஒரு சாண் விலகிக்கொண்டேன்.

பிறகு 20 மி.மீ. பிட். துளை நேராகப் போக, ஒரு தேக்குக் கட்டையில் டிரில் பிரஸ்ஸில் துளை போட்டு வாங்கிவந்து அதை வழிகாட்டியாகச் சுவரில் பிடித்தேன். துளையை ஊதி, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதினேன். இப்படி மூன்று முறை. தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், செங்கல்லைப் பிடிக்காது. ஊதச் சைக்கிள் பம்பில் ஒரு மெல்லிய குழாய் மாட்டினேன். வாயால் ஊதினால் கண்ணில்தான் விழும்.

பசை, கம்பிகளைச் சுவரில் பதிக்க விற்கும் இரண்டு கூட்டுப் பசை, சாதாரண சிலிக்கான் கன்னிலேயே பொருந்தும் 300 மில்லிக் குழாய். நுனியில் இரண்டும் கலந்து ஒரே நிறமாக வரும்வரை முதலில் கொஞ்சத்தை அட்டையில் பிழிந்து எறிய வேண்டும். துளையின் அடியிலிருந்து ஆரம்பித்து மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, கம்பியைத் திருகியபடி உள்ளே தள்ளினேன். வாயில் பசை பிதுங்கி வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். நான்காவது துளையில் பிதுங்கவில்லை. கம்பியை உருவி, இன்னும் பிழிந்து, மறுபடி தள்ளினேன்.

பசை இறுகுவதற்குள் நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நேரான அலுமினியக் குழாய் ஒன்றைக் கம்பிகளுக்கு அடியில், நுனிக்குப் பக்கத்தில், இரண்டு குச்சிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். நான்கும் குழாயைத் தொடும்படி சின்ன ஆப்புகளைச் செருகினேன். குழாயை ரசமட்டத்தில் வைத்ததோடு, நுனி சுவரோரத்தைவிட 1 மி.மீ. உயர்ந்திருக்கும்படி ஏற்றி வைத்தேன், சுமை விழுந்ததும் அது மட்டத்துக்கு வரட்டும் என்று. வெயில் நாளில் இந்தப் பசை சில நிமிடங்களிலேயே கெட்டியாகத் தொடங்கும், ஆகவே ஆப்புகளை முன்கூட்டியே வெட்டி வரிசையாக வைத்துக்கொண்டேன். ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன்.

கம்பி போகும் சந்தின் உயரம் 18, கம்பி 16. மேலும் கீழும் ஒவ்வொரு மைக்காத் துண்டு ஒட்டியதும் தட்டு இறுக்கமாக வழுக்கி உள்ளே போனது. கம்பி 190 மி.மீ. நீண்டிருப்பதால், யாராவது புத்தகத்தை விளிம்புவரை இழுத்து வைத்தாலும் எடையின் நடு கம்பிக்குள்ளேயே விழும். முன்விளிம்பில் தேக்குப் பட்டி ஒட்டி, பின்னால் சுவரோரம் மூன்று இடத்தில் கொஞ்சம் சிலிக்கான் வைத்தேன், தட்டு முன்னால் உருவி வராமலிருக்க.

செங்கல் சோதனை

அப்பாவின் தொகுதிகளை மூன்றாம் முறையாக ஏற்றுமுன் வேறு எதையாவது ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மாடியில் கிடந்த செங்கல், ஒன்று 3 கிலோ. பதினாறு பதினாறாக இரண்டு அடுக்கு, 96 கிலோ. புத்தகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஏற்றியவுடன் அளந்தேன். பின்விளிம்பில் நூலுக்கும் பலகைக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை. நான்கு கம்பி மேலும் சாய்வு 1 மி.மீ.க்குச் சற்று மேல், அதாவது தட்டு ஏறக்குறைய மட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு வாரம் கழித்து அதே அளவு. பூச்சில் கம்பியைச் சுற்றி மயிரிழை விரிசல்கூட இல்லை. செங்கலை இறக்கியதும் முன்விளிம்பு பழைய இடத்துக்குத் திரும்பியது. திரும்பி வந்ததுதான் எனக்கு முக்கியம். முதல் தட்டின் கம்பி அப்படித் திரும்பவில்லை.

செலவு

முதல் இரண்டு தட்டுகளுக்கும் சேர்த்து 1,880 ரூபாய்: பலகை இரண்டுக்கும் 1,000, பிராக்கெட் நான்குக்கு 880. மூன்றாவதுக்கு 9 மி.மீ. பிளைவுட் 620, பிரைட் பாரும் வெட்டுக் கூலியும் 260, பசைக் குழாய் 850, 20 மி.மீ. பிட் 340, தேக்குப் பட்டி 200. மொத்தம் 2,270. பசையில் பாதிக்கு மேல் மிச்சம். நுனிக்குழாயை மட்டும் மாற்றினால் காலாவதித் தேதிக்குள் இன்னொரு தட்டுக்கு ஆகும். டிரில் நண்பரிடம் இரவல்.

அடுத்த தட்டில்

உள்ளறையிலும் ஒன்று வேண்டும் என்கிறார் அப்பா. அந்த அறையின் ஒரு சுவர் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். 130 மி.மீ. ஆழம் போட்டால் செங்கல் முடிந்து மறுபக்கப் பூச்சுக்கே போய்விடும். அதில் இந்த வகைத் தட்டே போடமாட்டேன், தரையில் நிற்கும் அலமாரிதான். எதிர்ச்சுவர் ஒன்பது அங்குலம், அங்கே போடலாம்.

அதில் அகலத்தை 250-லிருந்து 200 மி.மீ.க்குக் குறைக்கப் போகிறேன். 185 மி.மீ. தொகுதிக்கு அதுவே போதும். விளிம்புக்கு இழுத்து வைக்க இடமே இருக்காது, யாரிடமும் சுவரோடு தள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அகலம் குறைந்ததால் கம்பி 150 மி.மீ. நீண்டால் போதும். சட்டத் தொகுதிக்கு 450 இடைவெளியையே வைத்துக்கொள்வேன். ஒருவேளை அங்கே அக்காவின் ஓவியப் புத்தகங்கள் வருவதாக இருந்தால், முதலில் ஓரடியைக் கட்டி எடை பார்ப்பேன். அடிக்கு 18 கிலோவைத் தொட்டால் இடைவெளி 300, கம்பி ஆறு.